ஓடுகாலியின் மொட்டைத் தண்டு

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுவாரம், மரியநாயகம் ஒரு நிர்வாக முடிவு எடுத்தார். சமையலறைப் பக்கத்துக் கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த பூச்சட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, முன் ஹாலில் றீட்டாவின் படத்துக்குக் கீழே மாட்டினார். சீமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டக் கூடாது என்று சட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் கம்பியால் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார். படத்தில் இருந்த றீட்டா கொஞ்சம் கீழே பார்ப்பதுபோலத்தான் இருந்தாள். ஸ்டூடியோக்காரன் அன்றைக்கு நாடியைத் தாழ்த்தச் சொல்லியிருந்தான். ஆகவே செடி அவள் கண்ணுக்கு நேராக வந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒருவரும் மாட்டிவிட முடியாது.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கண்டாக்கையாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த மலையில் யார் கொழுந்து பறிப்பது, எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டுவது என்று தீர்மானிக்கிற உத்தியோகம். தேயிலைச் செடிகள் அவருக்குப் பயந்து துளிர்த்தன என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

செடிக்கு ஏதோ ஒரு இங்கிலீசுப் பெயர். றீட்டா அதை 'ஓடுகாலி' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு துண்டு ஒடிந்து விழுந்த இடத்திலெல்லாம் வேர்விட்டு ஓட ஆரம்பித்துவிடும் என்பதால். இலையின் முதுகு முழுக்கக் கத்தரிப்பூ நிறம், முகத்தில் ஊதாவும் நடுவே இரண்டு வெள்ளிக் கோடும். காலை வெயில் விழுந்தால் பாதர் உடுத்துகிற தவக்காலத்து அங்கிபோல மினுங்கும்.

ஹாலில் காலை வெயில் கிடையாது. வீடு, பதுளையில் எல்லா வீட்டையும்போல, மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. ஹால் ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் மண்சுவரும், அதில் பாசியும், பாசியில் ஒரு நத்தையும். அங்கே இருந்த ஒரே வெளிச்சம், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பு. அது எரிவது தெரியும். வேறு எதையும் தெரியவைக்காது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் செடியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "அக்காவுக்குப் புடிச்ச செடிய அக்காகிட்டயே வச்சிட்டீங்க" என்று கோயில் பாடகர் குழுவில் ஒருத்தி அழுதே விட்டாள். முதல் மாதம் செடியும் ஒத்துழைத்தது. ஒரு குறையும் காட்டவில்லை. அதுதான் மோசம். ஒரு செடிக்கு மனம் விட்டுப்போவதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும்; அதற்குள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரிய வெள்ளிக்கு அப்புறம் புதிதாக வந்த இலைகளில் ஊதா குறைந்தது. வெள்ளிக் கோடு மங்கியது. பிறகு வந்தவை வெறும் பச்சை, அதிலும் கழுவி வெளுத்த பச்சை. அடியில் இருந்த பழைய இலைகள் கடதாசிபோல் காய்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. மேலே மண் தெரிந்தது. சட்டியின் விளிம்பிலிருந்து மொட்டைத் தண்டுகள் மட்டும் கீழே தொங்கி, நுனியில் கொஞ்சம் இலையோடு, ஜன்னல் பக்கமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

மரியநாயகம் அறிந்த வைத்தியம் இரண்டு. ஒன்று தண்ணீர். மற்றது யூரியா. தோட்டத்தில் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு யூரியாமேல் இருக்கிற விசுவாசம், அற்புதங்கள்மேல்கூட இருக்காது. ஒரு சிட்டிகை போட்டார். செடி இன்னும் பச்சையாகி இன்னும் நீண்டது. "பாத்தியா, வளருது" என்று படத்திடம் சொன்னார்.

கொழும்புப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் ஜெசீகா வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னாப்பா அது, அம்மா செடியா? பயித்தங்கொடி மாதிரி இருக்கு!"

"பல்பு வெளிச்சத்துல ஒனக்கு அப்படித் தெரியுது."

"வெளிய கொண்டுபோய்ப் போடுங்கப்பா."

"ஒங்கம்மாவையும் கொண்டுபோய் வெளிய போடவா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் சிக்னல் போய்விட்டதாகப் பாவனை செய்துகொண்டார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஸகீனா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். ஐம்பது தாண்டிய பெண். வீட்டு முன்சுவரில் வரிசையாகச் சட்டி வைத்து, பாதையில் போகிறவர்களுக்குப் பூக்கன்று விற்கிறாள். றீட்டாவும் அவளும் சுவருக்கு மேலாகப் பேசியே பாதி வயதைக் கழித்தவர்கள். கன்று கொடுத்து வாங்குவார்கள், பிறகு கொடுத்தது செத்துப்போனதற்கு ஒருத்தியை ஒருத்தி ஏசுவார்கள்.

ஹாலுக்குள் வந்தவள் வட்டிலப்பத்தை மேசையில் வைக்க மறந்து நின்றாள்.

"யா அல்லாஹ். இது என்ன ஐயா?"

"றீட்டாவோட செடி."

"அது தெரியும். அதுக்கு என்ன செஞ்சு வச்சீக்கிறீங்க?"

"ஒன்னும் செய்யல. தண்ணி ஊத்துறேன். நல்லாத்தான் வளருது."

"வளரல்ல ஐயா. வெளிச்சத்தத் தேடி ஓடுது. ஓடுற ஒன்ன வளருதுன்னு சொல்றீங்க." தண்டைத் தூக்கிப் பார்த்தாள். "நிறம் எங்க? இதுக்கு நிறமே வெளிச்சத்துலதான் வரும். இருட்டுல வச்சா, இருக்குற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கத்தானே பாக்கும்? அதுக்குப் பச்சதான் வேணும். சோக்குக்கு ஊதா உடுத்துறதுக்கு அதுக்கு வசதியில்ல இப்ப."

"பல்பு ராவும் பகலும் எரியுதே."

ஸகீனா பல்பைப் பார்த்தாள். ஆண்டவர் படத்துக்கு முன்னால் எதையும் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"அந்த பல்பு கும்புடுறதுக்கு ஐயா. செடிக்கு இல்ல. றீட்டா அக்கா இருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெட்டியிருப்பா."

"வெட்டுவாளா? இதையா?"

"வேற? நுனியக் கிள்ளிக் கிள்ளி அதே சட்டிக்குள்ள குத்துவா. அதுதான் அவ சட்டி மண்ணே தெரியாம மொந்தையா இரிக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் தெரிந்துகொண்டிருக்க வழியும் இல்லை. மகளைப் பதுளையில் படிக்கவைக்க வேண்டும் என்று றீட்டா இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்து போகிற மாப்பிள்ளையாகவே கிழவராகிவிட்டார். மகள் படித்து, கட்டிக்கொண்டு போன பிறகும் அந்த ஏற்பாடு பழக்கத்தில் தொடர்ந்தது. பென்ஷன் எடுத்த பிறகு சேர்ந்து இருக்கலாம், பின்பக்கத்தில் ரெண்டு நாற்காலி போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று திட்டம். நாற்காலி வாங்கியாயிற்று. அவர் பெட்டியோடு வந்து இறங்கிய வருடமே றீட்டா படுத்துவிட்டாள். செடி வெட்டுகிற றீட்டாவை அவர் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் அவள் கோழிதான் வெட்டினாள்.

"வெளிய கொண்டாங்க, பாப்போம்" என்றாள் ஸகீனா. "பாக்குறதுக்குத்தான். ஒங்க செடிய நான் தூக்கிட்டு ஓட மாட்டேன்."

பின்பக்கத்து மேசையில், அந்த வாங்கிய நாற்காலிகளுக்கு நடுவே, சட்டியை வைத்தார்கள். வெயிலில் அதைப் பார்க்க மரியநாயகத்துக்கே வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்யாண வீட்டுக்குக் கூட்டி வந்ததுபோல் இருந்தது அது.

ஸகீனா ஒரு தண்டை மேசைமேல் நீட்டி வைத்து விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இங்க பாருங்க. மண்ணுக்குக் கிட்ட கணு எல்லாம் நெருங்கி நெருங்கி இரிக்குது. இது வெளிய தொங்கினப்ப வளந்தது. வெளிச்சம் இருந்தா அவசரமே இல்ல, ஒரு இலைக்குப் பக்கத்துலயே மத்த இலை. இந்தா, இந்த இடத்துலருந்து பாருங்க. கணுவுக்குக் கணு எவ்வளவு தூரம்! இது உள்ளுக்கு வந்தப்புறம். நீட்டி நீட்டி வெளிச்சத்தத் தேடியிரிக்குது."

மரியநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். உண்மைதான். ஒரு இடம்வரை விரல் மூட்டுகள்போல நெருங்கிய கணுக்கள். அதற்கப்புறம் திடீரென்று நீள நீளமாக, மெலிந்து, வெளுத்து. அடுத்த தண்டைப் பார்த்தார். அதிலும் அப்படியே. எல்லாத் தண்டிலும் அந்த இடம் இருந்தது. அவர் சட்டியைக் கழற்றிய நாள், ஒவ்வொரு தண்டிலும்.

"அப்ப இது வரைக்கும்..." என்று விரலை வைத்தார்.

"றீட்டா அக்கா இருந்தப்ப."

"இங்கருந்து?"

"ஒங்க சீமை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் முதலில் நிறுத்தினார். நெருங்கிய கணுக்கள் இருந்த பகுதியில் ஒரு இலைகூட இல்லை. இலை இருந்ததெல்லாம் நுனியில், நீண்ட கணுக்களில், அவருடைய சீமையில்.

ஸகீனா வேலையைச் சொல்லிக்கொண்டு போனாள். நுனியிலிருந்து மூன்று நாலு கணு விட்டு, ஒரு கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும். அடி இலையைக் கிள்ளிவிட்டு, கணு மண்ணுக்குள் போகிறமாதிரி ஒரு சட்டியில் நெருக்கமாகக் குத்த வேண்டும். அந்தக் கணுவிலிருந்து வேர் வந்துவிடும். முதலில் கொஞ்சம் நிழல், பிறகு காலை வெயில் படுகிற இடம். இப்போதுள்ள பச்சை இலை பெரிதாக மாறாது. ஆனால் புதிதாக வருகிறது ஊதாவாக வரும்.

"இந்த மொட்டைத் தண்டு?"

"அது என்னத்துக்கு? குப்பைக்குப் போடுங்க."

மரியநாயகம் நிமிர்ந்தார்.

"அவ வளத்தத குப்பைக்குப் போட்டுட்டு, நான் கெடுத்தத நட்டு வைக்கச் சொல்றீங்க."

"ஐயா, எல்லாம் ஒரே செடிதானே."

"ஒரே செடி இல்ல. நீங்கதானே இப்ப பிரிச்சுக் காட்டுனீங்க? இது அவ. இது நான்." குரல் உயர்ந்துவிட்டது. "மொட்டை ஆனா என்னா? தேயிலையக் கவ்வாத்து வெட்டிப் பாத்திருக்கீங்களா? மலை முழுக்க வெறும் கட்டை நிக்கும். பாக்கிறவன் செத்துப்போச்சுன்னுதான் சொல்லுவான். கொஞ்ச நாள்ல கட்டையிலருந்தே துளிர்க்கும். கணு இருந்தாப் போதும்."

"தேயில மரம் ஐயா. வேர்ல சாப்பாடு சேத்து வச்சீக்கும். இது தண்ணித் தண்டு, அதுலயும் ஆறு மாசமாப் பட்டினி. வெட்டின அடியிலருந்து துளிர்க்கும்தான், நல்லா இருந்த செடின்னா. இது தாங்குமோ தெரியாது. துளிர்க்கணும்னா ரெண்டு தண்டையாவது இலையோட விடுங்க."

அது அவருக்குத் தெரியாததா? இளைத்த தேயிலையை வெட்டும்போது ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள். மற்ற கிளைகள் துளிர்க்கும்வரை அது மூச்சு வாங்கிக் கொடுக்கும். அந்தக் கிளையை வெட்டிய ஒரு வெட்டுக்காரனை அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறார். எல்லாம் தெரியும். ஆனால் அந்த நீண்டு வெளுத்த கணுக்களைக் கண்ட பிறகு அவற்றில் ஒன்றைக்கூட அந்தச் சட்டியில் பார்க்க அவரால் முடியவில்லை. ஒவ்வொன்றும், அவளைத் தான் இருட்டில் வைத்திருந்தேன் என்று சொல்வதுபோல் நீண்டிருந்தது.

கவ்வாத்துக் கத்தியைத் தேடாமல், சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். தண்டு தண்டாக, நெருங்கிய கணு முடிகிற இடத்தில் வெட்டினார். ஒன்றையும் மிச்சம் விடவில்லை. மேசையில் பச்சை நுனிகள் குவிந்தன. சட்டியில், இலை இல்லாத தண்டுகள் வாய் பிளந்து தொங்கின.

"முடிஞ்சிது" என்றார்.

ஸகீனா நுனிகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டாள்.

"இத நான் கொண்டு போறேன்."

"கொண்டு போங்க. அது என்னோடது. எனக்கு வேணாம்."

"வட்டிலப்பத்தச் சாப்பிடுங்க. அதையும் படத்துக்குக் கீழ வச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சட்டி பழைய இடத்துக்கு, சமையலறைப் பக்கத்துக் கூரை விளிம்புக்குத் திரும்பியது. மரியநாயகம் காலையில் எழுந்ததும் முதலில் போவது அங்கே. நாற்காலியைச் சட்டிக்கு நேரே போட்டு உட்காருவார். தேத்தண்ணி ஒரு கையில், தண்ணீர்ச் செம்பு ஒரு கையில். இரண்டு பேரும் குடிப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஸகீனா சுவருக்கு மேலால் எச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"இலை இல்லாதது தண்ணி குடிக்காது ஐயா! மண்ணு காஞ்சப்புறம் ஊத்துங்க. அந்தத் தட்டையாவது கழட்டி எறிங்க, நிக்கிற தண்ணியில அழுகும்!"

"ஆமாங்க, ஆமாங்க" என்பார். அவள் தலை மறைந்ததும் கொஞ்சம் ஊற்றுவார். வேறென்ன செய்வது? வெயில் தானாக வருகிறது. கணு தானாக இருக்கிறது. அவர் செய்வதற்கென்று இருந்தது இந்த ஒரு செம்புதான். றீட்டா கடைசியில் எதையும் விழுங்காமல் வாயை மூடிக்கொண்டபோதும் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம், ஒரு வாய்தான்" என்று கெஞ்சியவர். அவள் கண்ணைத் திறந்து, "ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். உண்மையாகவே அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.

ஒரு காலையில் அது நடந்தது. மண்ணுக்குக் கிட்ட, ஒரு தண்டின் இரண்டாவது கணுவில், ஊசி முனைபோல் ஒன்று. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பச்சை இல்லை. கத்தரிப்பூ நிறம். முழுசாக, அச்சாக, றீட்டாவின் நிறம்.

அவர் கத்தவில்லை. மெதுவாக உள்ளே போய், சேர்ட் போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது. ஜெசீகாவுக்கு வீடியோ எடுத்தார்.

"தெரியுதா?"

"எங்கப்பா? உங்க விரல்தான் தெரியுது."

"விரலுக்குக் கீழ."

"ஆ... ஆமா! குட்டியா! ரொஷான், இங்க வாங்க, அப்பாவுக்கு..." என்று தன் கணவனைக் கூப்பிட்டவள், சொல்ல வந்த சொல்லை மாற்றி, "அம்மா செடி துளிர்விட்டிருக்கு" என்றாள். அவள் குரல் நனைந்திருந்தது.

"ஒங்கம்மா கணுவுலருந்துதான்" என்றார் மரியநாயகம். "நான் ஒன்னும் செய்யல."

ஸகீனாவிடமும் காட்டினார். அவள் சுவரில் ஏறி எட்டிப்பார்த்து, நல்லது, என்றாள். பிறகு, "மண்ணு சகதியா இரிக்குதே ஐயா" என்றாள். அவர் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது.

துளிர் வந்திருக்கிறது, துளிருக்குத் தாகம் எடுக்கும் என்பது அவர் கணக்கு. செம்பு இரண்டானது. முளை இரண்டு குட்டி இலையாகப் பிரிவதற்குள் அதன் அடி கண்ணாடிபோல் ஆகியது. மறுநாள் பழுப்பு. அவர் பயந்துபோய் விரலால் தொட்டார். தண்டு அந்த இடத்தில், வேகவைத்த கீரைபோல, விரலோடு வந்துவிட்டது. மற்றத் தண்டுகளையும் தொட்டார். தொட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டார். எல்லாம் மண்மட்டத்தில் கூழாகியிருந்தன. தட்டில் நின்ற தண்ணீரில் நுளம்புப் புழு நெளிந்தது.

அன்றைக்குப் பகல் முழுக்க அவர் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. ஸகீனா சுவருக்கு மேலாக ஒரு தடவை தலையைக் காட்டினாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவள், அன்றைக்குத் தலையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை கஞ்சி சுவர்மேல் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையும் அவர் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மறுநாளும். வெறும் மண் என்று அவருக்குத் தெரியும். மண்ணும் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஜனவரியில் றீட்டாவின் முதல் வருடப் பூசை. ஜெசீகாவும் ரொஷானும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். வந்ததும் அவள் பின்பக்கம் போய், வெறும் சட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் காலை, பூசைக்குப் புறப்படுமுன் முன்பக்கம் போனவள் வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

"அப்பா! ஸகீனா ஆன்ட்டி சுவர்ல இருக்கிறது அம்மாவோடது தானே?"

அவர் அதைப் பார்க்காமல் இருந்ததில்லை. பாதைக்குப் போகவர அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு சட்டி வழிய ஊதா. மழை நின்று வெயில் எறித்த அந்தக் காலையில் வெள்ளிக் கோடெல்லாம் மினுங்க, குட்டிக் குட்டியாக மூன்றிதழ்ப் பூ வேறு. யாரும் வாங்கிவிடாமல், ஸகீனா அதற்குப் பக்கத்தில் ஒரு முள்ளுச் செடியை வைத்திருந்தாள்.

ஜெசீகா அழைத்துக்கொண்டு போனாள். போகாவிட்டால் பூசை நாளில் சண்டை வரும் என்று அவர் போனார்.

"எடுத்துட்டுப் போங்க ஐயா" என்றாள் ஸகீனா. "ஒங்களுக்குத்தான் வச்சீக்கிறேன்."

"இதுல அவ கை பட்டது எதாவது இருக்கா?"

ஜெசீகா ஸகீனாவைப் பார்த்தாள், இருக்கு என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல.

"இல்ல" என்றாள் ஸகீனா. "நீங்க வெட்டின நுனியக்கூட நான் வெட்டிக் குத்திட்டேன். நீட்டுக் கணு எல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிட்டுது. இப்ப இரிக்கிறது எல்லாம் இந்தச் சுவர்ல வளந்தது."

"அப்ப அவளோடது எல்லாம் நான் அழுக விட்டதுதான்."

ஸகீனா சட்டியின் மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஒன்னு சொன்னா கோவிக்கக் கூடாது. றீட்டா அக்கா எழும்பி நடமாடினப்ப எந்தத் தண்டும் அவ்வளவு நீளத்துக்குப் போனதில்ல ஐயா. போக விட மாட்டா. கிள்ளுவா, குத்துவா, மொட்டையானத இழுத்து, தண்ணி விழுற அந்தப் பீலிக்கரையில எறிவா. ஒங்க சட்டியில இருந்த அந்தத் தண்டெல்லாம், அவ படுத்தப்புறம் வளந்தது. வெட்ட ஆள் இல்லாம."

பாதையில் ஹாலிஎல பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

மரியநாயகம் அதை மெதுவாக விளங்கிக்கொண்டார். நெருங்கிய கணுக்கள் என்று விரல் வைத்துத் தடவினாரே, அவை றீட்டா சிரித்த நாள்கள் அல்ல. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாள்கள். அவள் நோயைத்தான் அவர் படத்துக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்றி, காப்பாற்றப் பார்த்திருக்கிறார். நல்லாயிருந்த றீட்டாவின் கை பட்டதெல்லாம், அவர் தோட்டத்தில் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்த காலைகளில், அவளே வெட்டி எறிந்துவிட்டிருந்தாள். அவள் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

"இப்பவும் வெட்டுற பருவந்தான்" என்றாள் ஸகீனா, மெல்ல. "வெயில்ல இருந்தாலும் வெட்டாட்டி அடி மொட்டையாயிரும். ஒன்ன நீங்க கிள்ளுங்களேன். கணுவுக்கு மேல, நகத்தாலயே."

அவர் கை நீட்டினார். நுனி ஒன்றைப் பிடித்தார். இவ்வளவு லேசாக வந்துவிடும் என்று நினைக்கவில்லை; டப்பென்று ஒரு சின்னச் சத்தம், கையில் இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை அல்லாத எத்தனையோ காலைகளில் கேட்ட சத்தம். அவருக்கு இப்போதுதான் அறிமுகமாகிறது.

"இன்னும் கிள்ளுங்க" என்றாள் ஸகீனா.

"போதும்" என்றார். "சட்டி இங்கயே இருக்கட்டும். வெளிச்சம் ஒங்க பக்கந்தான்."

பூசை முழுவதும் அந்த நுனி அவர் சேர்ட் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, கசங்கிய இலையை நீவி, ஹாலில் றீட்டாவின் படத்துக்குக் கீழே ஒரு சின்னத் தட்டில் வைத்தார். சிவப்பு பல்பில் அதன் ஊதா கறுப்பாகத் தெரிந்தது.

ஜெசீகா கிளாசில் தண்ணீரோடு வந்தாள்.

"தண்ணியில வைங்கப்பா. நாலஞ்சு நாள்ல வேர் விட்டுரும்."

"வேணாம்மா."

"வெறுமனே வச்சா வாடிருமே."

"வாடட்டும்" என்றார் மரியநாயகம். மகள் கையிலிருந்த கிளாசை வாங்கி, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். "ரெண்டு நாள் இருக்கும். ஒங்கம்மா பாத்துட்டுப் போகட்டும்."